ஓலைச்சுவடிக்கு விதி எங்கே இருக்கிறது?

ஆய்வேடு எழுதுகிறவர்கள் அச்சுப் புத்தகத்துக்கு அடிக்குறிப்பு போடுவதில் அதிகம் தடுமாறுவதில்லை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று நான்கு விவரம் கையில் இருந்தால் போதும், மாதிரியைப் பார்த்து எழுதிவிடலாம். ஓலைச்சுவடி, கோயில் கல்வெட்டு, பழைய இசைத்தட்டு, ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதிய தாலாட்டு என்று சான்று மாறும்போதுதான் கை நின்றுபோகிறது. மேசைமேல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்’ இருக்கும். அதில் ஓலைச்சுவடி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். அந்தத் தலைப்பில் ஒன்றும் கிடைக்காது. ‘இதற்கு விதியே இல்லை’ என்று முடிவுகட்டி, தோன்றியபடி எதையோ எழுதி வைப்பார்கள். அப்படி எழுதியதில் சுவடியின் எண் விடுபட்டிருக்கும், அல்லது நூலகத்தின் பெயர் இருக்காது. பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்தச் சுவடியைத் தேடினால் கிடைக்காது.

இந்தத் தடுமாற்றத்துக்காகவே ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்குகளில் ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து வருகிறேன். வழக்கத்துக்கு மாறான ஒரு சான்றுக்கு நடைக் கையேட்டில் விதியை அரைமணி நேரத்துக்குள் கண்டுபிடிப்பது எப்படி என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. அந்தத் தாளில் உள்ளதை ஓர் ஓலைச்சுவடியை வைத்து இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதலில் கையேட்டைத் திறக்கவே கூடாது. இது மாணவர்களுக்கு விநோதமாகப் படும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கையேட்டைப் புரட்டுவதில்தான் ஒரு பகல் முழுக்கப் போகிறது. சான்றை முன்னால் வைத்துக்கொண்டு, அல்லது அதைப் பார்த்தபோது எடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இதை இயற்றியவர் யார்? இதன் பெயர் என்ன, அந்தப் பெயர் சான்றிலேயே இருக்கிறதா, பட்டியல் தயாரித்தவர் வைத்ததா? எப்போது உருவானது? இப்போது எங்கே இருக்கிறது, அங்கே அதை எந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்? நான் மேற்கோள் காட்டும் வரி அதற்குள் எந்த இடத்தில் வருகிறது?

விளக்கத்துக்காக ஒரு சுவடியை நானே கற்பனையாக அமைத்துக்கொள்கிறேன். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஒரு நாடி மருத்துவச் சுவடி. பெயர் ‘நாடிச் சாரம்’. நூலக எண் ஆர். 1234. மாணவி மேற்கோள் காட்டும் பாடல் பதினான்காம் ஏட்டின் பின்பக்கம் இருக்கிறது. கடைசி ஏட்டில் எழுதி முடித்தவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: கொல்லம் 1025, சௌமிய வருஷம், தை மாதம் இன்னார் எழுதி நிறைந்தது.

இந்தக் குறிப்பிலேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த ‘இன்னார்’ நூலாசிரியர் அல்ல, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியவர். அவரை ஆசிரியர் இடத்தில் போட்டுவிட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படியெடுப்பாளர் ஒருவர் நாடி நூல் இயற்றிய மருத்துவராகிவிடுவார். இந்தத் தவறைப் பல ஆய்வேடுகளில் பார்க்கலாம். சுவடிக்குள் ஆசிரியர் பெயர் எங்கும் இல்லையென்றால் ஆசிரியர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, தலைப்பில் தொடங்க வேண்டும். ‘ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை’ என்று முன்னால் போட்டுத் தொடங்கும் பழக்கத்தைச் சிகாகோ கையேடும் பொதுவாக ஊக்குவிப்பதில்லை.

இரண்டாவது கண்ணி ஆண்டு. சௌமிய வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1789, 1849, 1909 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கிய ஆண்டுகள் எல்லாமே சௌமியதான். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நம் சுவடியில் கொல்லம் ஆண்டும் சேர்ந்திருப்பது நல்வாய்ப்பு. கொல்லம் 1025 என்பது 1849 ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி மறு ஆண்டு வரை நீள்வது. தை மாதம் அதற்குள் 1850 ஜனவரி, பிப்ரவரியில் விழுகிறது. சௌமிய வருஷமும் 1850 சித்திரை வரை நீடிப்பதால் இரண்டும் பொருந்துகின்றன. இது படியெடுத்த ஆண்டு, நூல் இயற்றப்பட்ட ஆண்டு அல்ல என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விவரமெல்லாம் தாளில் இறங்கிய பிறகுதான் கையேடு. இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நடைக் கையேடுகள் சான்றுகளை அவை செய்யப்பட்ட பொருளை வைத்து வகைப்படுத்துவதில்லை. ஓலையா, தாளா, தோலா, செம்பா என்பது அவற்றுக்கு அவ்வளவு முக்கியமில்லை. அச்சிட்டு வெளியானதா, வெளியாகாமல் ஓரிடத்தில் ஒரே படியாக இருப்பதா, ஒரு நூலுக்குள் அடங்கியதா, தனியே நிற்பதா என்றுதான் பிரிக்கின்றன. ஏனென்றால் குறிப்பைப் படிக்கிறவர் அந்தச் சான்றைத் தேடிப் போகும் வழி அதைப் பொறுத்தே அமைகிறது. நம் சுவடி அச்சாகவில்லை, உலகத்தில் அந்தப் படி ஒன்றுதான், அது ஒரு நூலகத்தின் தொகுப்பில் இருக்கிறது. அப்படியானால் அதற்கு உறவு, ஒருவர் எழுதிய தனிக் கடிதம், நாட்குறிப்பு, அலுவலகக் கோப்பு ஆகியவற்றோடுதான். பார்வைக்கு எந்த ஒற்றுமையும் இல்லை, தேடும் வழி ஒன்று.

இந்த உறவு தெரிந்தால் பொருளடக்கம் சில நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். சிகாகோ கையேட்டில் சான்றுக் குறிப்புகளுக்கென்று தனி இயல்கள் இருக்கின்றன. அந்த இயல்களின் உட்தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டமாகப் படித்தால், புத்தகம், இதழ், இணையப் பக்கம் என்று வரிசையாகக் கடந்து, வெளியிடப்படாத ஆவணங்கள், கையெழுத்துத் தொகுப்புகள் என்ற பகுதி வரும். அதுதான் நம் இடம்.

பதிப்பைப் பார்ப்பது இங்கே மிக அவசியம். 2017-இல் வந்த பதினேழாம் பதிப்பில் 14-ஆம் இயல் அடிக்குறிப்பு முறைக்கும், 15-ஆம் இயல் ஆசிரியர்-ஆண்டு முறைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. 2024-இல் வந்த பதினெட்டாம் பதிப்பில் 13-ஆம் இயல் பொது விளக்கமாகவும் 14-ஆம் இயல் எடுத்துக்காட்டுகளாகவும் மாறிவிட்டன. பழைய பதிப்பைப் பார்த்து எழுதிய ஒரு குறிப்பில் ‘15-ஆம் இயலைப் பார்க்க’ என்று இருந்து, உங்கள் கையில் புதிய பதிப்பு இருந்தால், பொருளடைவு தயாரிப்பது எப்படி என்ற இயலில் போய் நிற்பீர்கள். ஆகவே பத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

பின்னால் இருக்கும் பொருளடைவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைத் தாளில் சற்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். சிகாகோவின் பொருளடைவு காட்டுவது பக்க எண் அல்ல, பத்தி எண். 14.20 என்றால் பதினான்காம் இயலின் இருபதாம் பத்தி. இது தெரியாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. அடுத்தது, ‘மேனுஸ்கிரிப்ட்’ என்ற சொல். கையெழுத்துச் சுவடிக்கு அதுதான் ஆங்கிலச் சொல் என்று எல்லோரும் நேரே அங்கே போகிறார்கள். ஆனால் அந்தக் கையேடு முதன்மையாகப் பதிப்பாசிரியர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்கு மேனுஸ்கிரிப்ட் என்றால் எழுத்தாளர் பதிப்பகத்துக்கு அனுப்பும் கையெழுத்துப் படி. கையேட்டின் இரண்டாம் இயலே அதைத் தயாரிப்பதும் திருத்துவதும் பற்றியது. அந்தச் சொல்லின் கீழ் உள்ள பெரும்பாலான எண்கள் உங்களை அங்கே கொண்டுபோய்விடும். ‘மேனுஸ்கிரிப்ட் கலெக்‌ஷன்ஸ்’ என்று தொகுப்பைக் குறிக்கும் சொல்லைப் பிடித்தால்தான் சரியான பத்திக்குப் போக முடியும். ஒரு சொல்லில் கிடைக்கவில்லை என்றால் ‘ஆர்கைவ்ஸ்’, ‘வெளியிடப்படாதவை’, ‘கடிதங்கள்’ என்று மூன்று நான்கு வேறு சொற்களில் முயன்று பார்த்த பிறகே விட வேண்டும்.

சரியான பகுதியைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், கண் தானாக எடுத்துக்காட்டுக்குத்தான் ஓடும். அதைக் கொஞ்சம் அடக்கி, பகுதியின் முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை படித்துவிடுவது நல்லது. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். எடுத்துக்காட்டு நிறுத்தக்குறியையும் வரிசையையும் காட்டும். எது கட்டாயம், எது இருந்தால் போடுவது, எது தேவையில்லை என்பதைப் பத்திகள்தான் சொல்லும். வழக்கத்துக்கு மாறான சான்றுக்கு அந்தப் பத்திகள்தான் கைகொடுக்கின்றன.

நம் சுவடிக்கு அந்தப் பத்திகள் என்ன தருகின்றன என்று பாருங்கள். அடிக்குறிப்பில் குறிப்பிட்ட ஆவணம் முதலில் வர வேண்டும், தொகுப்பும் நூலகமும் பின்னால் வர வேண்டும். துணைநூற்பட்டியலிலோ வரிசை தலைகீழ்: தொகுப்போ, ஆவணங்களின் ஆசிரியரோ, நூலகமோ முன்னால் வரும். அந்தத் தொகுப்பிலிருந்து ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆவணத்திலேயே தொடங்கலாம். ஆவணத்துக்கென்று சொந்தத் தலைப்பு இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அறிக்கை, கூட்டக் குறிப்பு என்பது போன்ற பொதுப் பெயராக இருந்தால் மேற்கோள் குறி வேண்டாம். ‘நாடிச் சாரம்’ என்று ஏட்டிலேயே பெயர் இருப்பதால் நமக்கு மேற்கோள் குறி உண்டு. ஏட்டில் பெயர் இல்லாமல், பட்டியல் தயாரித்தவர் ‘வைத்தியத் தனிப்பாடல்கள்’ என்று விவரித்திருந்தால் மேற்கோள் குறி கிடையாது. படிக்கிறவருக்கு அந்த ஒற்றைக் குறியே பெயர் யார் வைத்தது என்று சொல்லிவிடுகிறது.

மாணவர்களை மிகவும் மகிழ்விக்கும் பத்தி ஏட்டு எண் பற்றியது. பழைய கையெழுத்துப் படிகளுக்குப் பக்க எண் இருப்பது அரிது, தாளுக்குத்தான் எண் இருக்கும், ஆகவே தாள் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்கிறது கையேடு. ஐரோப்பியச் சுவடிகளில் ஒரு தாளின் முன்பக்கத்தை ரெக்டோ என்றும் பின்பக்கத்தை வெர்சோ என்றும் சொல்வார்கள். நம் ஓலையும் அப்படியே. ஏட்டுக்கு ஓர் எண், இருபுறமும் எழுத்து. தமிழ்ச் சுவடிகளில் அந்த எண் பெரும்பாலும் முன்பக்கத்து இடது ஓரத்தில் தமிழ் எண்ணாக இருக்கும். ஓலை என்ற சொல்லே வராத பத்தி, ஓலைக்கான விதியை முழுமையாகச் சொல்லிவிடுகிறது.

இனி எடுத்துக்காட்டு. ஜார்ஜ் கிரீல் என்பவர் கர்னல் ஹவுஸுக்கு 1918 செப்டம்பர் 25 அன்று எழுதிய கடிதம் சிகாகோ கையேட்டில் மாதிரியாக வருகிறது. அந்த மாதிரியில் எழுதியவரும் பெற்றவரும் முதலில், பிறகு தேதி, பிறகு எட்வர்ட் ஹவுஸ் தாள்கள் என்ற தொகுப்பின் பெயர், கடைசியில் யேல் பல்கலைக்கழக நூலகம். அமெரிக்க அரசியல் கடிதத்துக்கும் நாடி மருத்துவ ஏட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஒவ்வோர் இடமாகப் பொருத்திப் பாருங்கள். ‘இவர் அவருக்கு’ என்பது கடிதத்தின் அடையாளம், நமக்கு அந்த இடத்தில் சுவடியின் தலைப்பு. தேதி இருந்த இடத்தில் படியெடுத்த காலம். தாள்களின் தொகுப்பு இருந்த இடத்தில் நூலகத்தின் சுவடி எண். யேல் இருந்த இடத்தில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். புகழ்பெற்ற பெரிய பல்கலைக்கழக நூலகத்துக்கு ஊர்ப் பெயர் தேவையில்லை என்று ஒரு பத்தி சொல்கிறது. நம் நூலகத்தை அயல்நாட்டு வாசகர் அறிந்திருக்க மாட்டார் என்பதால் சென்னை என்று சேர்ப்பதே முறை. அடிக்குறிப்பு இப்படி அமையும்:

“நாடிச் சாரம்,” ஏடு 14, பின்பக்கம், படியெடுத்தது கொல்லம் 1025 தை [1850], ஓலைச்சுவடி ஆர். 1234, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், சென்னை.

1850 சதுர அடைப்புக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது ஏட்டில் எழுதப்பட்ட எண் அல்ல, நாம் கணக்கிட்டது. சான்றில் இல்லாததை நாம் சேர்த்தால் சதுர அடைப்பு, உறுதியில்லாத ஊகமானால் அதற்குள் ஒரு கேள்விக்குறி. இது சான்று எதுவானாலும் பொருந்தும் பொது விதி, கையேட்டின் பொதுப் பகுதியில் இருக்கிறது. ‘படியெடுத்தது’ என்ற சொல்லைக் கையேடு கேட்கவில்லை, நான் சேர்க்கச் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் நாடிச் சாரம் 1850-இல் இயற்றப்பட்டது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அதேபோல் ‘ஓலைச்சுவடி’ என்ற சொல்லும் என் சேர்க்கைதான். ஒரே நூலகத்தில் ஓலையும் அதைப் பார்த்துத் தாளில் எழுதிய படியும் தனித்தனி எண்ணோடு இருப்பதுண்டு. தாளில் எழுதியவர் ஏட்டுச் சிதைவை ஊகித்து நிரப்பியிருக்கலாம். எதைப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கணினித் திரையில் பார்த்தவர்களுக்கும் இதே கண்டிப்பு. சுவடிகளின் படங்கள் இப்போது இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. படத்தை மட்டும் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போய் ஏட்டைப் பார்த்தது போல எழுதுவது பொய்ச் சான்று. சுவடியின் விவரம் முழுவதையும் முன்சொன்னபடி எழுதி, கடைசியில் படம் இருக்கும் தளத்தின் பெயரையும் முகவரியையும் சேர்க்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்ட படத்தில் ஏட்டு எண் தெரியாமல் போகும். அப்போது படத்தின் வரிசை எண்ணைக் கொடுத்து, அது படத்தின் எண் என்று சொல்லிவிடலாம்.

எம்எல்ஏ கையேட்டைப் பயன்படுத்தும் துறையில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது, ஆனால் தேடும் முறை வேறு. 2016-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து அது சான்று வகைக்கு ஒரு விதி என்ற பாதையை விட்டுவிட்டது. ஆசிரியர், தலைப்பு, அதை உள்ளடக்கிய பெரிய தொகுப்பு, பிற பங்களிப்பாளர், பதிப்பு, எண், வெளியிட்டவர், தேதி, இருப்பிடம் என்று ஒன்பது கட்டங்களை வரிசையாக வைத்து, இருப்பதை நிரப்பு, இல்லாததை விட்டுவிடு என்கிறது. 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பும் இதையே பின்பற்றுகிறது. ஆகவே அங்கே சான்றின் பெயரைத் தேடிப் பொருளடைவைப் புரட்டுவதைவிட, சந்தேகம் வரும் கட்டத்தைப் பற்றிய விளக்கத்தைப் படிப்பதே விரைவு. சுவடிக்குச் சந்தேகம் வருவது கடைசிக் கட்டத்தில். இருப்பிடம் என்பது அச்சு நூலுக்குப் பக்க எண், சுவடிக்கு அதை வைத்திருக்கும் நூலகம், ஊர், சுவடி எண் மூன்றும் சேர்ந்தது.

ஏபிஏ கையேடு யார், எப்போது, என்ன, எங்கே என்ற நான்கு கேள்விகளில் எல்லாவற்றையும் அடக்குகிறது. பொருத்தமான மாதிரி இல்லையென்றால் மிக நெருங்கிய மாதிரியை எடுத்துப் பின்பற்றலாம் என்று அதுவே அனுமதி தருகிறது. இந்த அனுமதியை மனம்போனபடி எழுதும் உரிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருங்கிய மாதிரி எது என்று தேர்ந்த பிறகு, ஆய்வேடு முழுவதும் எல்லாச் சுவடிகளுக்கும் அந்த ஒரே மாதிரிதான்.

இந்தத் தேர்வைச் செய்த அன்றே ஒரு தனித்தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன்: எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு, எந்தப் பத்தி, நாம் சேர்த்த சொல் என்ன, ஏன் சேர்த்தோம். பல்கலைக்கழகத்துக்கென்று சொந்த விதிகள் இருந்தால் அவைதான் முதலில், கையேடு அதற்கு அடுத்தது. நெறியாளர் மாற்றச் சொன்னால் அந்தத் தாளை வைத்துப் பேசலாம். சொல்லிக்காட்ட ஒரு பத்தி எண் கையில் இருந்தால் பேச்சு விரைவில் முடிந்துவிடும்.

எழுதிய குறிப்பு சரிதானா என்று பார்க்கப் பயிலரங்கில் ஒரு சோதனை வைக்கிறோம். குறிப்பை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, ‘நீங்கள் நூலகத்து மேசையில் இதை எப்படிக் கேட்பீர்கள், ஏட்டுக்கட்டு கைக்கு வந்ததும் எந்த இடத்தைப் பிரிப்பீர்கள்?’ என்று கேட்பது. அவர் திரும்பி உங்களிடம் ஏதாவது கேட்டால் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கேள்வி சுவடி எண்ணைப் பற்றியோ, முன்பக்கமா பின்பக்கமா என்றோ இருக்கும்.

கல்வெட்டுக்கும் இதே வழிதான் என்றாலும், அங்கே முதல் தாளில் எழுதும் விடையே திசையைத் தீர்மானிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. தொகுதியைப் படித்தவருக்கு அது அச்சு நூல், தொகுப்பு நூலுக்கான விதி போதும். பக்க எண்ணோடு தொகுதிக்குள் அந்தக் கல்வெட்டின் வரிசை எண்ணையும் கொடுத்தால், வேறு அச்சில் தேடுகிறவருக்கும் கிடைக்கும். கோயில் சுவரில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தவர், கல்வெட்டு எந்தச் சுவரில், எந்தப் பகுதியில் இருக்கிறது, தான் பார்த்த தேதி என்ன என்பதை எழுதி, அச்சான எண்ணை அதன் பின்னால் சேர்க்கலாம். இரண்டையும் பார்த்து, இரண்டும் ஒரு எழுத்தில் வேறுபட்டால், எந்த வாசிப்பை ஏற்றீர்கள் என்பதையும் அந்த அடிக்குறிப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.